ஃபெட் வட்டியைக் குறைத்தும் என் 2027 கால் ஆப்ஷன் ஏன் அசையவில்லை? ரோ தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

செங்காங் செந்தில்
எல்லாருக்கும் வணக்கம். இந்த 2024 செப்டம்பர் நடுவில் ஓர் அமெரிக்கப் பங்கில் 2027 ஜனவரி கால் ஒன்று, அதாவது அதுவரை அந்தப் பங்கைக் குறித்த விலையில் வாங்கும் உரிமை, வாங்கினேன். அந்தக் குறித்த விலையான ஸ்ட்ரைக் 100, பங்கும் அப்போது 100ஐ ஒட்டித்தான் இருந்தது. டிவிடெண்ட் தராத நிறுவனம். ஆப்பில் ரோ 1.1 என்று காட்டியது. வட்டி 1 சதவீதம் குறைந்தால் கால் 1.10 டாலர் குறையும் என்று படித்திருக்கிறேன். செப்டம்பர் 18 அன்று அமெரிக்க மத்திய வங்கியான ஃபெட் வட்டியை 0.50 சதவீதம் குறைத்தது. அப்படியானால் 55 சென்ட், 100 பங்கு கொண்ட ஒரு காண்டிராக்டுக்கு 55 டாலர், போயிருக்க வேண்டும் அல்லவா? பங்கு மறுநாள் ஏறியது உண்மைதான், ஆனால் பங்கு 1 டாலர் நகர்ந்தால் கால் எவ்வளவு நகரும் என்று காட்டும் டெல்டாவால் அந்த ஏற்றத்தைப் பெருக்கிக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் அந்த 55 சென்ட் எங்கேயும் காணோம். இப்போது அக்டோபர் கடைசி, இன்னும் காணோம். ரோ என்று ஒன்று நிஜமாகவே வேலை செய்கிறதா, அல்லது சும்மா ஓர் எண்ணா?

பிடோக் ரவி
தம்பி, ரோவையெல்லாம் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள். வட்டி குறைந்தால் பங்கு ஏறும், பங்கு ஏறினால் கால் ஏறும். வட்டி ஏறினால் எல்லாம் விழும். 2022ல் பார்த்தோமே, ரோ சொன்னபடி என்றால் கால் வைத்திருந்தவர்கள் எல்லாம் பணக்காரர்கள் ஆகியிருக்க வேண்டும். என்னுடைய கால்கள் முக்கால்வாசி கரைந்துபோயின. புத்தகத்தில் ஒன்று இருக்கும், சந்தையில் நேரெதிராக இருக்கும், அவ்வளவுதான்.

தேக்கா மாமா
எனக்கும் இதே சந்தேகம்தான். நம் ஊர் 6 மாத டி-பில் வட்டி 3 சதவீதத்தை ஒட்டி வந்துவிட்டது, என் வீட்டுக் கடனும் சோரா என்ற உள்ளூர் அடிப்படை வட்டியோடு சேர்ந்து இறங்குகிறது. வட்டி இவ்வளவு இறங்கும்போது கால் வாங்குவது நஷ்டம், விற்கும் உரிமையான புட் வாங்குவதுதான் லாபம் என்று நண்பர் ஒருவர் சொன்னார். சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையான எஸ்ஜிஎக்ஸில் நான் வைத்திருக்கும் வாரண்டுகளுக்கும் இது பொருந்துமா?

மரீன் பரேட் மாலதி
செந்தில், முதலில் உங்கள் கேள்வி. ஃபெட் குறைத்தது ஓரிரவுக் கடனுக்கான வட்டியை. உங்கள் காலின் விலைக்குள் இருப்பது இன்றிலிருந்து 2027 ஜனவரி வரைக்குமான வட்டி. இரண்டும் ஒன்றல்ல. செப்டம்பர் 18க்கு முன்பே 2 ஆண்டு அமெரிக்கக் கடன்பத்திரம் சுமார் 3.6 சதவீதத்துக்கு வந்துவிட்டது. ஃபெட் வட்டி அப்போது 5.25 முதல் 5.50 வரை இருந்தது, ஞாபகம் வையுங்கள். அதாவது அடுத்த இரண்டு ஆண்டில் வட்டி எவ்வளவு இறங்கும் என்று சந்தை முன்கூட்டியே கணக்குப் போட்டு உங்கள் காலிலும் சேர்த்துவிட்டது. நீங்கள் வாங்கியதே குறைந்த வட்டி விலையில்தான். ஃபெட் கூட்டம் முடிந்த அன்று அந்த 2 ஆண்டு வட்டி பெரிதாக நகரவில்லை, அதனால் ரோ பக்கத்திலிருந்து பெரிதாக ஒன்றும் வராது. அதற்குப் பிறகு நடந்தது இன்னும் வேடிக்கை. ஃபெட் குறைத்த பிறகு 2 ஆண்டு வட்டி ஏறி, இந்த மாதக் கடைசியில் 4 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. அதாவது அரை சதவீத அளவுக்கு மேலே. ரோ உங்களுக்குச் சாதகமாகவே வேலை செய்திருக்கிறது, நீங்கள் எதிர்த்திசையில் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். ஆறு வாரக் காலத் தேய்மானம் அதைத் தின்றிருக்கும், அதனால் கண்ணில் படவில்லை.

மாமா, உங்களுக்கு அப்புறம் எழுதுகிறேன்.

செங்காங் செந்தில்
அக்கா, இது புதுச் செய்தி. ஆனால் அடிப்படையே கொஞ்சம் குழப்பமாக இருக்கிறது. வட்டிக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம்? பங்கு விலை மாறவே இல்லை என்று வைத்துக்கொண்டால், வட்டி ஏறியதற்காக ஒருவர் ஏன் காலுக்கு அதிகம் தர வேண்டும்?

மரீன் பரேட் மாலதி
சூத்திரத்தை விடுங்கள், பணம் எங்கே இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். 100 டாலர் பங்கை வாங்கினால் 100 டாலரும் இன்றே போய்விடும். அதே பங்கில் 2 ஆண்டுக் காலை வாங்கினால் அந்த 100ஐக் கட்டுவது 2 ஆண்டு கழித்துத்தான், அதுவும் விருப்பம் இருந்தால். அதுவரை அந்தப் பணம் உங்களிடம் வட்டி சம்பாதிக்கிறது. வட்டி ஏற ஏற, தள்ளிப்போடும் அந்த உரிமைக்கு மதிப்பு கூடும். காலை விற்றவரின் பக்கமும் அதுதான், அவர் பங்கை வாங்கி வைத்துக்கொண்டு உங்களுக்காகக் காத்திருக்கிறார், அந்தப் பணத்துக்கான வட்டியை உங்களிடம்தான் வசூலிப்பார். புட்டில் இது அப்படியே திரும்பும். புட் வைத்திருப்பவர் 100 டாலரை 2 ஆண்டு கழித்து வாங்கப்போகிறவர், வட்டி ஏறினால் அந்த எதிர்காலப் பணத்தின் இன்றைய மதிப்பு குறையும்.

எண்ணில் பார்க்கலாம். பங்கு 100, ஸ்ட்ரைக் 100, 2 ஆண்டு, ஏற்ற இறக்கம் 25 சதவீதம், டிவிடெண்ட் இல்லை. வட்டி 4 என்றால் கால் 17.68, புட் 9.99. வட்டியை மட்டும் 3 ஆக்கினால் கால் 16.73, புட் 10.91. கால் 95 சென்ட் இறங்கியது, புட் 92 சென்ட் ஏறியது. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பாருங்கள், 7.69ஆக இருந்தது 5.82 ஆகிவிட்டது. அந்த இடைவெளி வேறொன்றும் இல்லை, 100 டாலர் ஸ்ட்ரைக்குக்கு 2 ஆண்டு வட்டி, இன்றைய மதிப்பில். ரோ என்பது அந்த வட்டியைக் காலும் புட்டும் எப்படிப் பிரித்துக்கொள்கின்றன என்பதுதான்.

இதிலிருந்தே காலம் ஏன் முக்கியம் என்றும் புரியும். இதே பங்கில் 1 மாதக் காலின் ரோ 4 சென்ட்தான். ஒரு மாதத்துக்கு 100 டாலருக்கு எவ்வளவு வட்டி வந்துவிடப்போகிறது? வாராந்தர ஆப்ஷன் ஆடுகிறவர்கள் ரோ என்ற வரியையே பார்ப்பதில்லை, அதில் தப்பும் இல்லை.

பிடோக் ரவி
கணக்கெல்லாம் சரி அக்கா. 2022க்கு என்ன பதில்?

மரீன் பரேட் மாலதி
2022ல் 2 ஆண்டு வட்டி சுமார் 0.7ல் தொடங்கி 4.4 வரை போனது. எஸ்&பி 500 அந்த ஆண்டு 19 சதவீதம் விழுந்தது. மேலே உள்ள காலையே எடுத்துக்கொள்ளுங்கள், டெல்டா 0.66, ரோ 0.96. வட்டி 1 சதவீதம் ஏறினால் 96 சென்ட் லாபம், ஆனால் பங்கு 1.46 டாலர் இறங்கினாலே அது அழிந்துவிடும். வட்டி மூணே முக்கால் ஏறியதால் கிடைத்தது மூன்றரை டாலர் போல, பங்கு 19 விழுந்ததில் போனது அதைப்போலப் பல மடங்கு. ரோ பொய் சொல்லவில்லை, பங்கு விலையும் ஏற்ற இறக்கமும் மாறாமல் இருந்தால் என்ற நிபந்தனையோடுதான் அது பேசுகிறது. நிஜத்தில் எதுவும் மாறாமல் நிற்காது என்ற உங்கள் புகார் நியாயம். ஆனால் அதற்காக ரோ தலைகீழ் என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த மூன்றரை டாலர் இல்லாமல் போயிருந்தால் உங்கள் நஷ்டம் இன்னும் பெரிதாக இருந்திருக்கும்.

பிடோக் ரவி
கையில் நஷ்டம் நஷ்டம்தானே. நான் பங்கு எங்கே போகும் என்றுதான் பார்ப்பேன். வட்டி மாறினால் பங்கும் மாறும் என்றால் இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாகத் தரட்டுமே.

ஊட்லண்ட்ஸ் நிஷா
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். எனக்கு இது நேரடியாகச் சம்பந்தப்பட்டது. பங்குக்குப் பதிலாக ஆழமான கால் வைத்திருக்கிறேன், பங்கு 100 என்று எடுத்தால் ஸ்ட்ரைக் 80 மாதிரி, 2 ஆண்டு. பங்கு வாங்கப் போட வேண்டிய மீதிப் பணத்தை டி-பில்லிலும் பணச் சந்தை நிதியிலும் வைத்திருக்கிறேன். வட்டி இன்னும் இறங்கினால் இந்த முறையில் எனக்கு இரட்டை அடியா? காலும் குறையும், நிதியின் வருமானமும் குறையும்.

மரீன் பரேட் மாலதி
நிஷா, நல்ல கேள்வி, இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. அதே 4 சதவீத வட்டியில் உங்கள் கால் சுமார் 29.42 வரும். அதில் 20 டாலர் ஏற்கெனவே பங்கு விலைக்கும் ஸ்ட்ரைக்குக்கும் உள்ள வித்தியாசம். மீதி 9.42ஐ எல்லாரும் மொத்தமாக டைம் வேல்யூ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். பிரித்துப் பாருங்கள். 80 டாலரை 2 ஆண்டு தள்ளிக் கட்டுவதற்கான வட்டி 6.15. மிச்சம் 3.27, அது அதே 80 ஸ்ட்ரைக் புட்டின் விலை, பங்கு 80க்குக் கீழே விழுந்தால் உங்களைக் காப்பாற்றும் காப்பீடு. அதாவது நீங்கள் தரும் கூடுதல் விலையில் மூன்றில் இரண்டு பங்கு வெறும் வட்டி. ஆழமான காலை வாங்குவது 80 டாலர் கடன் எடுத்துப் பங்கு வாங்குவதுதான், கடனுக்கான 2 ஆண்டு வட்டியை முன்கூட்டியே நிலையான விகிதத்தில் கட்டிவிட்டீர்கள்.

இப்போது இரட்டை அடிக்கு வருவோம். உங்கள் காலின் ரோ 1.11. வட்டி 1 சதவீதம் இறங்கினால் காலில் 1.11 போகும். மீதி 70.58 டாலர் 2 ஆண்டுக் கடன்பத்திரத்தில் இருந்திருந்தால் அதன் விலை ஏறக்குறைய 1.40 ஏறியிருக்கும், காலில் போனது இங்கே வந்திருக்கும், மிச்சமும் இருந்திருக்கும். நீங்கள் வைத்திருப்பது பணச் சந்தை நிதி. அதில் விலை ஏறாது, வருமானம் மட்டும் குறையும். எனவே ஆமாம், நிலையான விகிதத்தில் கடன் வாங்கி, மாறும் விகிதத்தில் பணத்தைப் போட்டிருக்கிறீர்கள். வட்டி ஏறினால் இது உங்களுக்கு லாபம், இறங்கினால் நஷ்டம். பிடிக்கவில்லை என்றால் மீதிப் பணத்தைக் காலின் முதிர்வு வரைக்கும் அமெரிக்க டாலர்க் கடன்பத்திரத்தில் போட்டுவிட்டால் பெரும்பகுதி அடங்கிவிடும்.

ஒரு சின்ன விஷயம், நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும். சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் வருமான வரி ஒப்பந்தம் இல்லை, டிவிடெண்டில் 30 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். காலின் விலையிலோ எதிர்பார்க்கும் டிவிடெண்ட் முழுவதுமாகக் கழிக்கப்பட்டிருக்கும். டிவிடெண்ட் தரும் பங்கில் காலா பங்கா என்று ஒப்பிடும்போது இது காலுக்குச் சாதகம்.

ஊட்லண்ட்ஸ் நிஷா
நன்றி அக்கா. மூன்றில் இரண்டு பங்கு வட்டி என்பது அதிர்ச்சியாக இருக்கிறது, காப்பீட்டுக்குத்தான் பணம் கட்டுகிறேன் என்று நினைத்திருந்தேன். புரோக்கரிடம் மார்ஜின் கடன் எடுப்பதைவிட இது மலிவா?

மரீன் பரேட் மாலதி
உங்கள் புரோக்கர் என்ன விகிதம் வாங்குகிறார் என்பதைப் பொறுத்தது. காலுக்குள் இருக்கும் வட்டி பெரும்பாலும் அரசுக் கடன்பத்திர வட்டியை ஒட்டியே இருக்கும், சில்லறை மார்ஜின் விகிதம் அதற்கு மேலேதான் இருக்கும். ஆனால் கால் வழியில் அந்த 3.27 காப்பீட்டையும் சேர்த்து வாங்கியே ஆக வேண்டும், வேண்டாம் என்று சொல்ல முடியாது. வாங்க-விற்க விலை இடைவெளியும் நீண்ட காலக் காண்டிராக்டுகளில் அகலம்.

மாமா, உங்கள் கேள்வி. டாலரில் விலை சொல்லப்படும் அமெரிக்க ஆப்ஷனுக்கு டாலர் வட்டிதான் கணக்கு. நம் டி-பில், சோரா, மசேநிதி சாதாரணக் கணக்கின் 2.5 எதுவும் அதற்குள் வராது. நம் நாணய ஆணையம் வட்டியை நிர்ணயிப்பதும் இல்லை, வெள்ளி மதிப்பின் போக்கைத்தான் நடத்துகிறது. உள்ளூர் வட்டி அமெரிக்க வட்டியோடு ஓரளவு சேர்ந்து நகரும், ஆனால் சரிசமமாக அல்ல. எஸ்ஜிஎக்ஸ் வாரண்டுகள் பெரும்பாலும் சில மாதங்களில் முடிந்துவிடும், ரோ அங்கே சில்லறைக் காசு. உங்கள் வாரண்டில் பணம் போவது காலத் தேய்மானத்திலும் ஏற்ற இறக்கத்திலும்தான்.

தேக்கா மாமா
அப்படியானால் நண்பர் சொன்னதை வைத்துப் புட் வாங்க வேண்டாம் என்கிறீர்களா?

மரீன் பரேட் மாலதி
வட்டி இறங்கும் என்பதை மட்டும் வைத்து வாங்க வேண்டாம். இறங்கும் என்று எல்லாருக்கும் தெரிந்த அளவு புட் விலையில் ஏற்கெனவே ஏறிவிட்டது. எல்லாரும் நினைப்பதைவிட அதிகமாக இறங்கினால்தான் ரோவால் லாபம்.

புக்கிட் பாத்தோக் ஹமீது
புட் என்றதும் ஞாபகம் வந்தது. எக்செல்லில் ஆப்ஷன் விலை கணக்கிடும் பிளாக்-ஷோல்ஸ் சூத்திரத்தைப் போட்டு வைத்திருக்கிறேன். பங்கு 100, ஸ்ட்ரைக் 140, 2 ஆண்டு புட், வட்டி 4, ஏற்ற இறக்கம் 25. என் ஷீட் 34.69 என்கிறது, ரோ மைனஸ் 2.1. சந்தையில் இந்த மாதிரி புட்டுகள் 40க்கு மேலேதான் போகின்றன. 5 டாலருக்கு மேல் விலை அதிகம், விற்றுவிட்டு உட்கார்ந்தால் வட்டி ஏறும்போது கூடுதல் லாபம் என்று கணக்கு. யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

மரீன் பரேட் மாலதி
ஹமீது, விற்காதீர்கள். உங்கள் ஷீட் முதிர்வு நாளில் மட்டும் பயன்படுத்தக்கூடிய புட்டுக்கானது. அமெரிக்கப் பங்கு ஆப்ஷன்களை எந்த நாளிலும் பயன்படுத்தலாம். 100 டாலர்ப் பங்கை 140க்கு இன்றே விற்கும் உரிமை 34.69க்குக் கிடைத்தால், அதை வாங்கி அப்போதே பயன்படுத்தி 5 டாலரை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் அது 40க்குக் கீழே வராது. ஷீட் காட்டும் மைனஸ் 2.1 ரோவும் அதே காரணத்தால் பெரிய மிகை. 140 டாலருக்கு 2 ஆண்டு காத்திருக்க வேண்டும் என்று அது நினைக்கிறது, நிஜத்தில் யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. விலை 40ஐத் தொட்ட பிறகு வட்டி மேலும் ஏறினால் புட் அங்கேயே நிற்கும், உங்களுக்கு அந்தக் கூடுதல் லாபம் வராது. வட்டி ஏற ஏற, புட் வைத்திருப்பவருக்குச் சீக்கிரம் பயன்படுத்தி 140ஐ வாங்கி வட்டிக்குப் போடத்தான் ஆசை வரும், ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால் உங்கள் கணக்கில் 140 விலையில் 100 பங்கு உட்கார்ந்திருக்கும்.

ஷீட் விலை, பங்குக்கும் ஸ்ட்ரைக்குக்கும் உள்ள வித்தியாசத்தைவிடக் குறைவாக வந்தால் அது தவறான மாடல் என்பதற்கு அடையாளம். முதிர்வுக்கு முன்பே பயன்படுத்துவதையும் கணக்கில் எடுக்கும் பைனோமியல் மாடலைப் போட்டுப் பாருங்கள். டிவிடெண்ட் இல்லாத பங்கின் காலுக்கு இந்தப் பிரச்சினை இல்லை, அங்கே உங்கள் ஷீட் போதும்.

புக்கிட் பாத்தோக் ஹமீது
ஓ. அப்போது ஸ்ட்ரைக் பங்கு விலைக்கு மேலே நிற்கும் புட் எதற்கும் என் ரோ எண்ணை நம்ப முடியாதா? எந்த ஸ்ட்ரைக் வரை சரி?

மரீன் பரேட் மாலதி
ஒரு கோடு போட்டுச் சொல்ல முடியாது. பங்கு விலையை ஒட்டிய ஸ்ட்ரைக்கில் வித்தியாசம் சிறிது, ஆழமாகப் போகப்போக வளரும், வட்டி உயர்ந்தால் சீக்கிரமே வளரும்.

செங்காங் செந்தில்
அக்கா, இன்னொன்று. என் காலுக்குள் இப்போது எந்த வட்டி இருக்கிறது என்று நானே கண்டுபிடிக்க முடியுமா? ஆப் காட்டும் ரோவை நம்பலாமா?

மரீன் பரேட் மாலதி
முடியும். அதே முதிர்வு, அதே ஸ்ட்ரைக் K, கால் விலை C, புட் விலை P, பங்கு S, முதிர்வு வரை உள்ள ஆண்டுகள் T, தேடும் வட்டி r, முதிர்வு வரை வரும் டிவிடெண்டின் இன்றைய மதிப்பு D. உங்களுக்கு D பூஜ்யம்.

```
r = -ln((S - D - C + P) / K) / T
```

ரோவைச் சரிபார்க்க, அதே ஸ்ட்ரைக்கின் கால் ரோவையும் புட் ரோவையும் மைனஸ் குறியை விட்டுக் கூட்டுங்கள். ஸ்ட்ரைக்கின் இன்றைய மதிப்பை ஆண்டால் பெருக்கி 100ஆல் வகுத்தால் வருவதற்கு அருகில் இருக்க வேண்டும். மேலே சொன்ன 2 ஆண்டு உதாரணத்தில் 1.85. சில ஆப்கள் 100ஆல் வகுக்காமல் 185 போலக் காட்டும், அதைப் பார்த்துப் பயந்து ஓடியவர்கள் உண்டு.

செங்காங் செந்தில்
நேற்று முடிவு விலையில் போட்டேன். பங்கு 104.20, கால் 21.30க்கும் 21.90க்கும் நடுவில், புட் 8.80க்கும் 9.20க்கும் நடுவில், இன்னும் 2.21 ஆண்டு. நடு விலைகளை எடுத்தால் 104.20 - 21.60 + 9.00 = 91.60, வட்டி 3.97 வருகிறது. நீங்கள் சொன்ன 2 ஆண்டு வட்டிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது! ஆனால் கால் 21.90, புட் 8.80 என்று போட்டால் 4.2, மறுபக்கம் போட்டால் 3.7. இவ்வளவு அகலமா?

மரீன் பரேட் மாலதி
அவ்வளவு அகலம்தான். செப்டம்பரிலிருந்து ஏறிய அரை சதவீதமே அந்த இடைவெளிக்குள் அடங்கிவிடுகிறது பாருங்கள், அதனால்தான் திரை விலையில் அது கண்ணுக்குத் தெரியவில்லை. புட்டில் சீக்கிரம் பயன்படுத்தும் உரிமைக்கான சில சென்ட்டும் கலந்திருக்கும், அது இந்த எண்ணைக் கொஞ்சம் கீழே இழுக்கும். துல்லியமாக வேண்டும் என்றால் எஸ்பிஎக்ஸ் குறியீட்டு ஆப்ஷன்களில், இரண்டு ஸ்ட்ரைக்கின் கால், புட்டுகளைச் சேர்த்து முதிர்வில் நிலையான தொகை தரும் பாக்ஸ் ஸ்ப்ரெட் விலையைப் பாருங்கள், அந்த ஆப்ஷன்கள் முதிர்வு நாளில் மட்டுமே பயன்படுத்தக்கூடியவை.

பிடோக் ரவி
ஆக, அரை சதவீத வட்டி மாற்றம் வாங்க-விற்க இடைவெளிக்குள்ளேயே தொலைந்துபோகிறது. நான் முதலில் சொன்னதும் அதுதானே.

ஊட்லண்ட்ஸ் நிஷா
உள்ளே போகவும் வெளியே வரவும் தினம் ஆடுகிறவருக்கு அப்படி இருக்கலாம் ரவி அண்ணே. 2 ஆண்டு வைத்திருக்கும் எனக்கு அந்த 6.15 கையிலிருந்து போன நிஜப் பணம். அக்கா, 80க்குப் பதிலாக 60 ஸ்ட்ரைக்குக்கு மாறினால் கடன் குறையும், வட்டியும் குறையும், சரிதானே? காப்பீடும் அநேகமாக ஒன்றுமில்லாமல் போய்விடும், அதுதான் யோசனையாக இருக்கிறது.

மரீன் பரேட் மாலதி
சரிதான். 60 டாலருக்கு அதே 2 ஆண்டு வட்டி சுமார் 4.60தான். ஆனால் முதலில் போடும் பணம் கூடும், பங்கு பாதியாக விழுந்தால் உங்கள் கையிலிருந்து போவதும் கூடும். எது தூக்கத்தைக் கெடுக்கும் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.